'ஏன்' என்று கேட்டால் மட்டும் போதாது: ஒளிச்சேர்க்கைப் பாடத்திலிருந்து ஒரு வகுப்புக்கான கேள்விகள்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தின் பி.டி.எஃப். கோப்பு எங்கள் வகுப்பின் பகிர்வுக் கோப்புறையில் ஏற்றப்பட்டிருக்கிறது. என்னிடம் உள்ள அதே கோப்புதான் மாணவர்களிடமும் இருக்கிறது. "பச்சையம் எந்த உறுப்பில் இருக்கிறது?" என்று கேட்டால், தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி, வந்த வரியை அப்படியே வாசித்துவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு வேண்டியது 45 நிமிட வகுப்பு ஒன்றுக்கான கேள்விகள். பாடத்தில் இருப்பதை எடுத்துச் சொல்வதில் தொடங்கி, அதைச் சான்றாக வைத்து மாணவர்கள் ஒருவரோடொருவர் வாதிடுவதில் போய் முடிய வேண்டும். அந்தக் கேள்விகளைத் தயாரித்த விதத்தையும் வகுப்பில் அவை நடந்துகொண்ட விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்தது, பாடம் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தது. பத்திகளுக்கு வரிசையாக எண் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் ஒரு சொல் குறித்தேன்: வரையறை, வருணனை, படிநிலை, சோதனை. வரையறைப் பத்தியிலிருந்து காரணம் தேடும் கேள்வி கிளம்புவது கடினம். 'இலைத்துளை என்பது இன்னது' என்பதில் வாதிட ஏதும் இல்லை. ஒரு தரவும் அதிலிருந்து ஒருவர் எடுத்த முடிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பத்தியில்தான் ஆட்டத்துக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் தரவிலிருந்து முடிவுக்குப் போன வழியை யாரும் அங்கே முழுதாக எழுதுவதில்லை. இந்தப் பாடத்தில் அப்படி அமைந்தது, பெரும்பாலானோர் வேகமாக வாசித்துத் தாண்டிவிடும் வரலாற்றுப் பத்தி: வான் ஹெல்மோன்டின் வில்லோ மரச் சோதனை.

சோதனை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்திரத்தில் உலையில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணை இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டார். மழைநீரோ வடித்த நீரோ தவிர வேறு எதையும் ஊற்றவில்லை. தூசி விழாமல் இருக்க, துளைகளிட்ட இரும்புத் தகட்டால் பாத்திரத்தை மூடினார். ஐந்து ஆண்டு கழித்து மரத்தின் எடை 169 பவுண்டு 3 அவுன்ஸ். மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ் மட்டும். ஆகவே மரம் தண்ணீரிலிருந்தே உருவானது என்று முடிவு கட்டினார். இது அவர் இறந்த பிறகு 1648இல் அச்சில் வந்தது. பாடம் இந்த எடைகளைக் கிலோவில் தருகிறது: மண் சுமார் 90.7, கன்று 2.3, மரம் 76.7, மண்ணில் குறைந்தது 57 கிராம்.

கேள்வி எழுதும் முன் கோப்பைத் தேடக்கூடிய உரையாக மாற்ற வேண்டியிருந்தது. இது ஏன் தேவை என்பது கொஞ்சம் கீழே வரும். தமிழ் பி.டி.எஃப்.களில் வழக்கமாக வரும் தொல்லை இரண்டு. ஒன்று, பக்கங்கள் வெறும் படமாக இருக்கும். இன்னொன்று, எழுத்து இருக்கும், ஆனால் பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்ததாக இருக்கும். திரையில் நன்றாகத் தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து, எழுத்துணரி கொண்டு உரையை மறுபடி எடுப்பதுதான்:

```
ocrmypdf --force-ocr -l tam+eng paadam.pdf paadam2.pdf
pdftotext paadam2.pdf paadam.txt
```

`--force-ocr` என்பது ஏற்கெனவே உள்ள கெட்டுப்போன எழுத்தைப் பொருட்படுத்தாமல், பக்கத்தைப் படமாக்கி மறுபடி வாசிக்கச் சொல்வது. வந்த உரையில் எண்களையும் வேதிச் சமன்பாட்டையும் மட்டும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். எழுத்துணரி கீழெழுத்து எண்களில் அடிக்கடி சறுக்கும். தமிழ்ச் சொற்களில் வரும் சின்னப் பிழைகளை அப்படியே விட்டுவிட்டேன், தேடுவதற்கு அது போதும்.

அப்புறம் மனதில் வந்த கேள்விகளை எல்லாம் வடிகட்டாமல் ஒரு பட்டியலாக எழுதினேன். வழக்கமாக ஆசிரியர்கள் இந்த இடத்தில் வினைச்சொற்களைப் பார்த்துத் தரம் பிரிப்போம். பெஞ்சமின் புளூம் 1956இல் வெளியிட்ட வகைப்பாட்டிலிருந்து கிளைத்து வந்த பட்டியல்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. 'பெயரிடு', 'பட்டியலிடு' என்றால் கீழ்ப்படி, 'விளக்கு' என்றால் நடுப்படி, 'பகுத்தாய்', 'மதிப்பிடு' என்றால் மேற்படி. இந்த முறையில் எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. ஒரு கேள்வி எந்தப் படியில் இருக்கிறது என்பது அதில் உள்ள வினைச்சொல்லைப் பொறுத்ததல்ல. அந்தக் கேள்விக்கும் கையிலிருக்கும் பாடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

"இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏன்' இருப்பதால் சிந்திக்க வைக்கும் கேள்வி மாதிரி தோன்றும். பாடத்தின் ஏழாம் பத்தியில் "பச்சையம் பச்சை நிற ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் பிரதிபலிப்பதால்" என்று அதே வரிசையில் விடை இருக்கிறது. மாணவர் செய்ய வேண்டியதெல்லாம் வரியைக் கண்டுபிடிப்பது. மாறாக, "மரம் கூடிய எடையில் மண்ணின் பங்கு எத்தனையில் ஒன்று?" என்பது 'எத்தனை' என்று கேட்கிறது, பார்க்க எளிய கேள்வி. ஆனால் எந்த வரியிலும் விடை இல்லை. எந்த இரண்டு எண்களை எடுப்பது, எதிலிருந்து எதைக் கழிப்பது என்று மாணவரே தீர்மானிக்க வேண்டும். இன்னும் ஒரு படி மேலே, "ஹெல்மோன்ட் அளக்காமல் விட்டது எது?" என்று கேட்டால், வெறும் 'எது' தான், ஆனால் பத்தியில் இல்லாத ஒன்றைப் பத்தியை வைத்தே தேட வேண்டியிருக்கிறது.

அதனால் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு தேடல் சோதனைக்கு உட்படுத்தினேன். நான் எதிர்பார்க்கும் விடையை முதலில் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்வது. அதிலுள்ள இரண்டு மூன்று முக்கியச் சொற்களைப் பாடத்தின் உரையில் தேடுவது. எல்லாச் சொல்லும் ஒரே வாக்கியத்திலோ அடுத்தடுத்த வாக்கியங்களிலோ விழுந்தால், கேள்வி எப்படித் தொடங்கினாலும் அது நினைவுக் கேள்விதான். வெவ்வேறு பத்திகளில் சிதறி விழுந்தால் இணைக்கும் கேள்வி. பாதிச் சொற்கள் கிடைத்து, மீதி பாடத்திலேயே இல்லை என்றால், அங்கேதான் காரணம் தேடும் வேலை தொடங்குகிறது. இந்தப் பிரிவினை என் கண்டுபிடிப்பு இல்லை. வாசிப்புக் கல்வியில் டாஃபி ராஃபேல் 1980களில் முன்வைத்த வகைப்பாடு கிட்டத்தட்ட இதுவே: விடை ஓரிடத்திலேயே இருப்பது, பல இடங்களைச் சேர்த்துப் பெறுவது, ஆசிரியர் எழுதியதையும் வாசகர் அறிந்ததையும் கூட்டிப் பெறுவது, வாசகரிடம் மட்டுமே இருப்பது. நான் அதைக் கோப்புத் தேடலோடு பொருத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

தேடும்போது தமிழுக்கே உரிய ஒரு கவனம் வேண்டும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தின்', 'மரத்தில்' எதுவும் கிடைக்காது. 'மர' என்று தேட வேண்டும். 'நீர்' என்றால் 'தண்ணீர்' சிக்காது, ஏனென்றால் அதில் இருப்பது தந்நகரம் டண்ணகரமாக மாறிய 'ணீர்'. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். வேற்றுமை ஏறும்போது மாறாமல் நிற்கும் பகுதியை மட்டும் கொடுத்தால் பிழைப்போம்:

```
grep -n "எடை" paadam.txt
```

இது 'எடையில்', 'எடையைவிட' எல்லாவற்றையும் வரி எண்ணோடு காட்டிவிடும். கிடைத்த வரிக்கு மேலும் கீழும் இரண்டு வரியைக் கண்ணால் வாசித்தே முடிவு செய்தேன். ஒரே கருத்தைப் பாடம் வேறு சொல்லில் சொல்லியிருந்தால் தேடல் தவறவிடும், அதற்கு வேறு வழியில்லை.

மறுமுனையிலும் ஒரு சோதனை வேண்டும். பட்டியலில் "மரங்களை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?" என்ற கேள்வியும் இருந்தது. தேடல் சோதனையில் இதன் விடை பாடத்தில் எங்கும் விழவில்லை, ஆகவே மேற்படிக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாலும் அதே விடைகள்தான் வரும். பாடத்தைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வித்தியாசம் காட்டாத கேள்வியை எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட கேள்விக்கு வகுப்பில் கைகள் நிறைய உயரும், உரையாடல் சூடாக நடப்பது போலவே இருக்கும். ஆனால் யாரும் யாரையும் மறுக்க மாட்டார்கள், எவரும் பாடத்தின் பக்கம் புரட்ட மாட்டார்கள். அந்த இரண்டு அடையாளமும் போதும்.

இரண்டு சோதனையும் தாண்டி நின்றவற்றை வரிசைப்படுத்தும்போது கடைசியிலிருந்து முதலுக்கு வந்தேன். எங்கே போய் முடிய வேண்டும் என்பதை முதலில் நிறுத்திவிட்டு, அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கீழிறங்குவது. முடிவுக் கேள்வி: "மரத்தின் எடை தண்ணீரிலிருந்து வந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்று பிரித்துக் காட்ட, ஹெல்மோன்டின் சோதனையில் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?" முதலில் எழுதியிருந்த வடிவம் "ஹெல்மோன்ட் சொன்னது சரியா தவறா?" என்பது. அதை மாற்றியதற்குக் காரணம், 'சரியா தவறா' என்றால் மாணவர்கள் தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இப்போதைய வடிவத்தில் வாய் திறக்கும் எவரும் ஒரு சோதனையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீழிறங்கும்போது நினைவுக் கேள்விகள் தானாகவே குறைந்துவிட்டன. மேலே வரும் ஏதாவது ஒரு கேள்விக்குப் பயன்படும் தகவலை மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பசுங்கணிகம், இலைத்துளை, ஸ்டார்ச் சோதனையில் அயோடின், எல்லாம் முக்கியம்தான், எழுத்துத் தேர்வில் கேட்கலாம். இந்த உரையாடலுக்கு வேண்டியவை நான்கு எடைகளும், ஊற்றியது என்ன, மூடியது எதனால் என்பதும், பாடத்தில் பின்னால் வரும் சமன்பாடும் மட்டுமே. ஆகவே முதல் படி: "தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்தவை எவை? அவற்றின் எடை என்ன?" விடைகள் கரும்பலகையில் ஒரு ஓரமாக ஏறி, வகுப்பு முடியும்வரை அழியாமல் நிற்கும். இதற்குச் சில நிமிடம்தான். மாணவர்கள் கோப்பைத் திறந்து பார்த்துச் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

இரண்டாம் படி அந்தப் பங்குக் கேள்வி. மரம் கூடியது 74.4 கிலோ, மண் இழந்தது 0.057 கிலோ. வகுத்தால் சுமார் 1,300இல் ஒரு பங்கு. இதை மாணவர்களே கணக்கிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 'மண் கொஞ்சம்தான் குறைந்தது' என்று வாசிப்பதும், 1,300 என்ற எண் தன் கையால் வந்து நிற்பதும் ஒன்றல்ல. செடி மண்ணிலிருந்து சாப்பிடுகிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் அவ்வளவு லேசில் அசையாது. உரத்தைச் 'செடிக்குச் சாப்பாடு' என்றே எல்லோரும் சொல்கிறோம் அல்லவா.

அடுத்ததுதான் பெரும்பாலும் தவறிப்போகும் படி. தகவலிலிருந்து நேரே 'மதிப்பிடு' என்று தாவுவார்கள், வகுப்பு ஊமையாகிவிடும். நடுவே ஒருவர் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் படி ஒன்று வேண்டும். "மண் இல்லை என்று காட்டிவிட்டார், சரி. 'ஆகவே தண்ணீர்' என்று சொல்ல, அவர் சொல்லாமல் எதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்?" விடை: மண், தண்ணீர் இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று இல்லை என்று. இது பத்தியில் எங்கும் இல்லை. ஆனால் பத்தியை ஒழுங்காக வாசித்தவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த விடை ஒருமுறை வெளியே வந்துவிட்டால், மேலே உள்ள கேள்விகள் எல்லாம் அதிலேயே தொங்கும்.

அதற்கு மேல் சான்றின் வலுவைச் சோதிக்கும் கேள்விகள். இங்கே ஒரு தகவலைப் பாடம் தரவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன்: நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளின் எடையைத் தாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஹெல்மோன்டே எழுதியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, "அந்த இலைகளையும் சேர்த்திருந்தால், மரத்தின் எடை மண்ணிலிருந்து வரவில்லை என்ற அவருடைய வாதம் வலுப்பெறுமா, தளருமா?" என்று கேட்பது. பாடத்தில் இல்லாத தகவலைக் கொடுத்துவிட்டால் எந்தத் தேடலும் உதவாது, ஆனால் பாடத்தில் உள்ள எண்கள் இல்லாமல் விடையும் சொல்ல முடியாது. இந்த உத்தியை மற்றப் பாடங்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே ஒரு புதிய தகவல், அதற்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மூன்று கட்டம் போட்டேன். வரக்கூடிய நல்ல விடை, வரக்கூடிய தவறான விடை, அந்தத் தவறு வந்தால் நான் எந்தப் பத்தியைக் காட்டுவேன் என்பது. மேற்படிக் கேள்விக்கு நல்ல விடைக் கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடிகிறது என்றால், அந்தக் கேள்வியில் ஏதோ கோளாறு. ஒன்று, அது மாறுவேடத்தில் உள்ள நினைவுக் கேள்வி. அல்லது, நான் மனதில் வைத்திருப்பதை மாணவர்கள் ஊகிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். "இந்தச் சோதனையின் முக்கியக் குறை என்ன?" என்று ஒரு கேள்வி இருந்தது. 'முக்கிய' என்ற ஒரு சொல்லால் அது ஊகிக்கும் விளையாட்டாகிவிடுகிறது. "இந்தச் சோதனையில் கண்டுகொள்ளாமல் உள்ளே வந்திருக்கக்கூடியது, வெளியே போயிருக்கக்கூடியது எவை?" என்று மாற்றினேன். தகட்டில் துளைகள் இருந்தன என்பது பாடத்திலேயே இருக்கிறது. அதைக் கவனித்தவர் காற்று என்பார். உலர்த்தியதைக் கவனித்தவர், 90 கிலோ மண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஈரம் மீந்திருந்தாலே 90 கிராம் ஆகிறதே, குறைந்ததாகச் சொல்லும் 57 கிராமைவிட அது அதிகமாயிற்றே என்று கேட்கலாம். இரண்டும் நல்ல விடை, இரண்டும் வேறு திசை.

இனி வகுப்பில் நடந்தது. முதல் இரண்டு படிகளும் எதிர்பார்த்தபடியே ஓடின. பங்குக் கணக்கில் சிலர் மரத்தின் முழு எடையை, அதாவது 76.7ஐ, வகுத்தார்கள், கன்றின் எடையைக் கழிக்காமல். விடை பெரிதாக மாறவில்லை என்றாலும், எது 'கூடிய' எடை என்று அவர்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் படியில் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் காட்டிய விஷயம் இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே விடைகள் நீளமாகின்றன, புதிய குரல்கள் வருகின்றன. மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு மட்டும் முப்பது நொடி மாதிரி இருக்கும். நினைவுக் கேள்விக்கு இப்படிக் காத்திருப்பதில் பயனில்லை, தெரிந்தால் தெரியும். ஊகப் படிக்குத்தான் இது தேவை. கடைசியில் வந்த விடை: "வேற எதுவும் உள்ள போகலன்னு அவர் நினைச்சுக்கிட்டார்." போதும் எனக்கு.

சுவாரசியமானது இலைக் கேள்வி. பெரும்பாலானோர் 'தளரும்' என்றார்கள். காரணம்: அவர் அளவில் குறை இருக்கிறது, குறை இருந்தால் முடிவும் கெட்டுவிடும். தவறான விடைக் கட்டத்தில் இதை நான் எழுதி வைத்திருந்தேன், ஆனால் இவ்வளவு பேர் ஒரே குரலில் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. வைத்திருந்த தொடர் கேள்வியைப் போட்டேன்: "குறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குறை எந்தப் பக்கம் தள்ளுகிறது? கரும்பலகையில் எந்த எண் மாறும்?" இலைகளைச் சேர்த்தால் மரம் கூடிய எடை 74.4ஐவிட அதிகமாகும், மண் இழந்தது அதே 57 கிராம், ஆகவே மண்ணின் பங்கு இன்னும் குறையும் என்று ஒரு மாணவி எண்களைக் காட்டிச் சொன்னாள். வாதம் வலுப்பெறுகிறது. உடனே பின்னாலிருந்து ஒருவன், "மண் இல்லங்கறதுக்குத்தான் வலு. தண்ணிதான்கறதுக்கு இல்லையே" என்றான். இரண்டு கூற்றையும் தனித்தனியாகப் பிரித்தது அவன்தான், நான் இல்லை. பிழை என்றாலே முடிவு தவறு என்று இல்லை, பிழைக்கும் ஒரு திசை உண்டு என்பது அறிவியல் வகுப்பில் எங்கும் தனியாகச் சொல்லித்தரப்படுவதில்லை. இங்கே அது பாடத்தோடு ஒட்டியே வந்தது.

சிக்கல் காற்றில் வந்தது. துளைகள் வழியே காற்று போயிருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் காற்று மரக்கட்டையாக மாறும் என்பது தொண்டைக்குள் இறங்கவில்லை. காற்றுக்கு அவ்வளவு எடை ஏது என்ற தயக்கம். இதற்காகத் தனியே ஒரு இடைக்கேள்வி கையில் வைத்திருந்தேன், தேவைப்பட்டால் மட்டும் எடுக்க: "ஒரு விறகைக் கடைசிவரை எரித்தால் மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல். மீதி எடை எங்கே போயிற்று?" புகையாக, காற்றாகப் போயிற்று என்று உடனே சொல்வார்கள், ஏனென்றால் எரிதல் பாடம் ஏற்கெனவே முடிந்தது. கட்டையிலிருந்து காற்றுக்குப் போக முடியுமென்றால், எதிர்வழியும் சாத்தியம்தானே என்று அவர்களே திருப்பிப் பார்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, ஹெல்மோன்டே 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி வாயுவாகப் போகிறது என்று எழுதியவர். கரியமில வாயுவைத் தனி வாயுவாக அடையாளம் கண்டவர்களில் முதல்வர் அவர். அந்த மனிதர் தம் மரத்தைப் பார்த்து அந்த வாயுவை நினைக்கவில்லை! இதைச் சொன்னபோது வகுப்பில் கிடைத்த கவனம் வேறெதற்கும் கிடைக்கவில்லை.

பிறகு சமன்பாடு:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O

வெளியேறும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது என்ற ஒரு வரி பாடத்தில் வேறொரு பத்தியில் இருக்கிறது. சமன்பாட்டையும் அந்த வரியையும் சேர்த்து, "180 பங்கு சர்க்கரையில் காற்றிலிருந்து வந்தது எத்தனை பங்கு, தண்ணீரிலிருந்து வந்தது எத்தனை பங்கு?" என்று கேட்டேன். கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நினைவை இங்கே சோதிக்க வேண்டியதில்லை. கார்பன் 72, ஆக்சிஜன் 96, இரண்டும் சேர்த்து 168 காற்றின் கரியமில வாயுவிலிருந்து. தண்ணீரின் பங்கு ஹைட்ரஜன் மட்டும், 12. இது இணைக்கும் வகைக் கேள்வி, படிக்கட்டில் நடுவில் வர வேண்டியது என்று தோன்றும். ஆனால் காற்றை ஏற்கத் தயங்கிய பிறகு வந்தால்தான் இந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது. முன்னாலேயே கொடுத்திருந்தால் இன்னொரு கணக்காகப் போயிருக்கும். கீழ்ப்படி, நடுப்படி, மேற்படி என்று கேள்விகள் ஒரே சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதில்லை. வாதம் முட்டி நிற்கும் இடத்தில் ஒரு படி இறங்கித் தகவலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறலாம்.

கடைசிக் கேள்விக்கு மீந்திருந்த நேரம் குறைவு, ஆனாலும் மூன்று யோசனைகள் வந்தன. மரத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு வைத்துக் கரியமில வாயுவை நீக்கிவிடுவது ஒன்று. மரமில்லாத இன்னொரு மண்பாத்திரத்தை அதே மாதிரி நீரூற்றி வைப்பது இன்னொன்று. இரண்டாவது யோசனை மண் இழந்த 57 கிராமைச் சரிபார்க்க உதவும், தண்ணீரா காற்றா என்பதைத் தீர்க்காது. அதை நான் சொல்லவில்லை. "இது எந்தக் கேள்விக்குப் பதில் தரும்?" என்று வகுப்பையே கேட்டேன், அவர்களே பிரித்தார்கள். மூன்றாவது, மரத்தையும் மண்ணைப் போல உலர்த்திவிட்டு நிறுக்க வேண்டும் என்பது. பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி வெறும் தண்ணீர். ஆகவே 76.7 கிலோவில் கணிசமான பங்கு தண்ணீர் என்ற அளவில் ஹெல்மோன்ட் முழுக்கத் தப்பும் இல்லை. மண்ணை உலர்த்தியவர் மரத்தை உலர்த்தவில்லை என்பதை அந்த மாணவன் கவனித்திருக்கிறான். என் விடைக் கட்டத்தில் இது இல்லவே இல்லை.

வகுப்புக்குப் பிறகு கேள்வித் தாளில் செய்த திருத்தங்கள் கொஞ்சம்தான். விறகுக் கேள்வியை 'தேவைப்பட்டால்' என்ற இடத்திலிருந்து நிரந்தர வரிசைக்குக் கொண்டுவந்தேன். ஈரம் பற்றிய 90 கிராம் கணக்கு யாருக்கும் தானாக வரவில்லை, அதனால் அதை எழுத்து வேலையாக மாற்றி, "மண் ஆயிரத்தில் ஒரு பங்கு ஈரத்தோடு நிறுக்கப்பட்டிருந்தால் 57 கிராம் என்ற எண்ணை நம்பலாமா?" என்று கொடுத்திருக்கிறேன். உலர்த்திய மரம் என்ற விடையை நல்ல விடைக் கட்டத்தில் சேர்த்தாயிற்று. அடுத்த பத்தி, மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி சீராக்குகிறது என்று காட்டிய பிரீஸ்ட்லி, அதற்கடுத்து ஒளி இருந்தால்தான் இது நடக்கும் என்று 1779இல் காட்டிய இங்கன்ஹவுஸ். அங்கே எண்கள் கிடையாது, ஒப்பீடு மட்டும்தான். கணக்கிடச் சொல்லும் நடுப்படி அங்கே எடுபடாது என்பதால், அந்த இடத்தில் என்ன வைப்பது என்று இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு எழுதியிருப்பது: "ஒருவருக்குச் செடி காற்றைச் சீராக்கியது, இருட்டில் வைத்துப் பார்த்தவருக்கு அப்படி நடக்கவில்லை. இருவரும் உண்மையையே சொல்கிறார்கள் என்றால், இரண்டு சோதனைகளுக்கும் இடையே எது மாறியிருக்கும்?"